குறிப்புகளைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தால் எழுத்து மங்குகிறது, கலர் இங்க்கும் குறைகிறது: என்ன செய்யலாம்?

வேலூர்_சுகன்யா

எல்லோருக்கும் வணக்கம். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு பயிற்சி மையத்தின் வினா விடைத் தொகுப்பு பிடிஎஃப்பாகக் கையில் இருக்கிறது, ஏறக்குறைய 180 பக்கம். வீட்டில் இருப்பது சாதாரண இங்க்ஜெட் பிரிண்டர்: ஒரு கறுப்பு கார்ட்ரிட்ஜ், ஒரு கலர் கார்ட்ரிட்ஜ்.

பக்கம் எப்படி இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். மேலே கருநீலப் பட்டையில் வெள்ளை எழுத்தில் தலைப்பு. கேள்வி கறுப்பில். சரியான விடை பச்சையில், தவறான விடைகள் சிவப்பில். கீழே வெளிர் மஞ்சள் கட்டத்துக்குள் விளக்கம், அது சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்து. இதற்கெல்லாம் குறுக்கே மையத்தின் பெயர் வாட்டர்மார்க்காக ஓடுகிறது.

கறுப்பு வெள்ளையில் சில பக்கங்கள் எடுத்துப் பார்த்தேன். விளக்கப் பகுதியைப் படிக்கவே முடியவில்லை. எழுத்து பொடிப்பொடியாக உதிர்ந்த மாதிரி இருக்கிறது. எது சரியான விடை, எது தவறு என்றும் தெரியவில்லை, எல்லாம் ஒரே நிறம். கலரே போடாதபோதும் கலர் இங்க் அளவு இறங்குகிறது. என்ன செட்டிங் வைக்க வேண்டும்?

---

மதன்பிரபு

இது சுலபம் சகோ. அடோபி ரீடரில் பிரிண்ட் கொடுக்கும்போது மேலே `Print in grayscale (black and white)` என்று ஒரு கட்டம் வரும், அதை டிக் செய்யுங்கள். பக்கத்திலேயே `Save ink/toner` இருந்தால் அதையும் டிக் செய்யுங்கள். அதோடு பிரிண்டரில் தரத்தை `Draft` என்று வைத்தால் மை பாதிதான் ஆகும். நான் எப்போதும் இப்படித்தான் எடுக்கிறேன், ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

---

வேலூர்_சுகன்யா

முதல் டிக்கைப் போட்டுத்தான் எடுத்தேன். `Draft` வைத்ததும் விளக்கம் இன்னும் மோசமானது.

---

இளவேனில்

எனக்கும் இதே சந்தேகம். ஹால் டிக்கெட்டைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் தேர்வு மையத்தில் ஏற்றுக்கொள்வார்களா? போட்டோ கொஞ்சம் கறுத்து விழுகிறது.

---

அச்சகம்_ராவுத்தர்

இளவேனில், அது வேறு விஷயம்ப்பா. ஹால் டிக்கெட்டிலேயே அறிவுரைகள் பகுதி இருக்கும், அதைப் படியுங்கள். முகம் அடையாளம் தெரிகிற மாதிரி விழ வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்த ஒரு தாளைக் கடையில் லேசர் பிரிண்ட் எடுத்துவிடுங்கள்.

சுகன்யா, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த மை செலவாகிறது என்பது ஒன்று. சாம்பல் எவ்வளவு கருப்பாக விழுகிறது என்பது இன்னொன்று. ரீடரில் போடும் டிக் இரண்டையுமே முழுசாகத் தீர்க்காது.

மை விஷயத்தை முதலில் பார்ப்போம். ரீடர் பக்கத்தைச் சாம்பலாக்கி அனுப்பினாலும், அந்தச் சாம்பலை எந்த மையால் போடுவது என்பதைப் பிரிண்டரின் டிரைவர்தான் முடிவு செய்கிறது. மூன்று கலரையும் கலந்து சாம்பல் உண்டாக்கினால் படம் வழுவழுப்பாக வரும், அதனால் பல இங்க்ஜெட்கள் அப்படிச் செய்கின்றன. எச்பி டிரைவரில் `Print in Grayscale` என்ற இடத்தில் `Black Ink Only`, `High Quality Grayscale` என்று இரண்டு இருக்கும். உங்களுக்கு வேண்டியது முதலாவது. வேறு கம்பெனி பிரிண்டர் என்றால் பெயர் கொஞ்சம் மாறும், ரீடரின் பிரிண்ட் பெட்டியில் `Properties` அழுத்தி உள்ளே தேடுங்கள். தாள் வகை `Plain Paper` என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். போட்டோ பேப்பர் என்று இருந்தால் பல மாடல்கள் கறுப்பு கார்ட்ரிட்ஜைத் தொடவே தொடாது, கறுப்பையே கலர் கலந்துதான் போடும்.

கலர் போகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சாம்பல் விழுந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள், அல்லது போன் கேமராவில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி மட்டும் தெரிந்தால் சரி. நடுவில் நீலமும் ரோஸும் மஞ்சளும் தூவிய மாதிரி இருந்தால் கலர் கார்ட்ரிட்ஜ் வேலை செய்கிறது.

---

வேலூர்_சுகன்யா

அண்ணா, போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் கட்டம் இருந்த இடம் முழுக்க ரோஸும் நீலமுமாகப் புள்ளிகள்! `Properties` உள்ளே போனால் `High Quality Grayscale` என்றுதான் இருந்தது. இப்போது மாற்றிவிட்டேன், கலர்ப் புள்ளி போய்விட்டது. ஆனால் விளக்க எழுத்து இப்போது முன்பைவிடச் சொரசொரப்பாக விழுகிறது.

---

அச்சகம்_ராவுத்தர்

அப்படித்தான் விழும். காரணத்தைச் சொல்கிறேன்.

உங்கள் பிரிண்டரில் சாம்பல் மை கிடையாது. கறுப்புப் புள்ளிகளை இடம் விட்டு இடம் விட்டு வைத்துத்தான் சாம்பல் காட்டுகிறது. பெரிய கட்டத்துக்கு அது சரியாக இருக்கும். எட்டு பாயின்ட் எழுத்தில் ஒரு கோட்டின் தடிமனே நாலைந்து புள்ளிதான். அதில் பாதியை எடுத்துவிட்டால் கோடு எங்கே நிற்கும்? விளிம்பு பிய்ந்துபோகும். தமிழில் இன்னும் கஷ்டம். மெய்யெழுத்தின் புள்ளி முதலில் காணாமல் போகும், ‘க்’ என்பதும் ‘க’ என்பதும் ஒன்றாகத் தெரியும். பின்னால் இருக்கும் மஞ்சள் கட்டமும் அங்கங்கே புள்ளியாக விழுவதால், மீதி இருக்கிற மெய்ப்புள்ளி எது, கட்டத்துப் புள்ளி எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. `Draft` வைத்தால் பிரிண்டர் புள்ளிகளை இன்னும் குறைக்கும், அதனால்தான் மோசமானது.

மதன் தம்பிக்குப் பிரச்சினை வராததற்குக் காரணம், அவர் எடுத்த கோப்புகளில் எழுத்து கறுப்பாக இருந்திருக்கும். கறுப்பு எழுத்து `Draft` வைத்தாலும் படிக்கிற மாதிரி நிற்கும்.

அதனால் கோப்பை முதலில் சரிசெய்து, பிறகு பிரிண்ட் கொடுங்கள். எழுத்தாக இருக்கிற சாம்பலைக் கறுப்புக்குத் தள்ள வேண்டும், பின்னணியாக இருக்கிற சாம்பலை வெள்ளைக்குத் தள்ள வேண்டும். பின்னணி வெள்ளையானால் அங்கே மையே விழாது. எழுத்து முழுக் கறுப்பானால் தைரியமாக `Draft` வைக்கலாம். மை மிச்சமாவது அங்கேதான்.

---

கணினிக்கிறுக்கன்

அப்படியானால் எதற்குச் சாம்பல்? முழுக் கோப்பையும் ஒரு பிட் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள். ஒரு அளவுக்கு மேல் இருப்பதெல்லாம் வெள்ளை, கீழே இருப்பதெல்லாம் கறுப்பு. நடுவில் ஒன்றுமே இல்லை. கோப்பும் சின்னதாகிவிடும்.

---

அச்சகம்_ராவுத்தர்

வெறும் எழுத்துப் பக்கத்துக்கு நீங்கள் சொல்வது சரி, நானும் அப்படிச் செய்வதுண்டு. படமோ வரைபடமோ ஒன்று இருந்தால் அது மைக்கறையாகிவிடும். இவர் படிப்பதில் வரைபடம் இல்லாமல் இருக்காது. எழுத்தின் விளிம்பும் படிக்கட்டு மாதிரி வெட்டிக்கொண்டு நிற்கும், 300 டிபிஐயில் தமிழ்ச் சுழிகளில் அது தெரியும்.

---

சேலம்_தருண்

அண்ணன் சொன்னதைச் செய்ய ImageMagick போதும். விண்டோஸ் என்றால் கூடவே Ghostscript-உம் நிறுவ வேண்டும், இல்லையென்றால் அது பிடிஎஃப்பைத் திறக்காது. சுகன்யா சொன்ன நிறங்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நிறத்தைச் சாம்பலாக்கும்போது சிவப்பில் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11 என்று எடுத்துக் கூட்டுவது வழக்கமான ஒரு கணக்கு. மென்பொருளுக்கு மென்பொருள் இது மாறும், ஆனால் பச்சைக்கு எடை அதிகம் என்பது பொது. இந்தக் கணக்கில் வெளிர் மஞ்சள் கட்டம் 95 சதவீதம் வெளிச்சமாக வருகிறது, வாட்டர்மார்க் 85 பக்கம். விளக்க எழுத்து நடுச் சாம்பல், 50. அதனால் 50-க்குக் கீழே இருப்பதை எல்லாம் கறுப்பாகவும், 80-க்கு மேலே இருப்பதை எல்லாம் வெள்ளையாகவும் ஆக்கச் சொன்னால் கட்டமும் வாட்டர்மார்க்கும் மறைந்து, விளக்கம் கறுப்பாகிவிடும்.

```
magick -density 300 "notes.pdf[0-9]" -background white -alpha remove -grayscale Rec601Luma -level 50%,80% -compress Zip out.pdf
```

`[0-9]` என்பது முதல் பத்துப் பக்கம், எண்ணிக்கை சுழியத்தில் தொடங்கும். 180 பக்கத்தையும் ஒரே தடவையில் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் பெரிய படமாக மெமரியில் ஏற்றும், லேப்டாப் திணறும். `-alpha remove` முக்கியம், அதை விட்டால் சில கோப்புகளில் வெள்ளைத் தாள் இருக்க வேண்டிய இடம் கறுப்பாக வரும். இந்த வரியை `.bat` கோப்பில் போட்டால் ஒவ்வொரு `%`-ஐயும் `%%` என்று எழுத வேண்டும், நேராக டைப் செய்தால் அப்படியே விடலாம்.

வெளியே வரும் பிடிஎஃப்பில் எழுத்துகள் எல்லாம் படமாகிவிடும், அதில் தேட முடியாது. அசல் கோப்பைப் பத்திரமாக வையுங்கள்.

---

பொன்னி_டீச்சர்

நல்ல நேரத்தில் இந்த இழையைப் பார்த்தேன். நான் வகுப்புக்குத் தயாரித்த ஸ்லைடுகள் எல்லாம் கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. திரையில் அழகாக இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிரிண்ட் எடுத்தால் தாள் முழுக்கக் கறுத்து, நனைந்து, சுருங்கிப் போகிறது. மூலக் கோப்பு போய்விட்டது, பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது. மேலே சொன்னது இதற்கும் ஆகுமா?

---

சேலம்_தருண்

அப்படியே கொடுத்தால் ஆகாது டீச்சர், கருநீலம் இன்னும் கறுப்பாகும். `-level` என்பதற்கு முன்னால் `-negate` என்று ஒரு சொல் சேருங்கள். வெள்ளை எழுத்து கறுப்பாகும். கருநீலம் ஏறக்குறைய 16 சதவீத வெளிச்சம், தலைகீழானால் 84. 80-ஐத் தாண்டுவதால் அது வெள்ளையாகிவிடும். நீலம் இன்னும் கொஞ்சம் வெளிறியது என்றால் 80 என்பதை 70 ஆக்கிப் பாருங்கள். ஸ்லைடில் போட்டோ இருந்தால் அது நெகட்டிவ் மாதிரி வரும், அந்தப் பக்கங்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூலக் கோப்பு இருக்கும் மற்ற பாடங்களுக்கு இந்த வேலையே வேண்டாம். பவர்பாயின்டின் பிரிண்ட் பக்கத்தில் `Color` என்ற இடத்தில் `Pure Black and White` இருக்கிறது.

---

பொன்னி_டீச்சர்

வந்துவிட்டது தம்பி! பின்னணி சுத்தமான வெள்ளை. ஓரிரண்டு ஸ்லைடில் சிவப்பு எழுத்து மட்டும் மெலிதாக இருக்கிறது, படிக்க முடிகிறது. ரொம்ப நன்றி.

---

வேலூர்_சுகன்யா

தருண், பத்துப் பக்கம் மாற்றி எடுத்தேன். விளக்கம் பளிச்சென்று கறுப்பாக விழுகிறது, `Draft` வைத்தும் மெய்ப்புள்ளிகள் எல்லாம் நிற்கின்றன. வாட்டர்மார்க் இருந்த சுவடே இல்லை.

இரண்டு விஷயம் பாக்கி. சரியான விடையும் தவறான விடையும் இப்போது எல்லாமே கறுப்பு. தலைப்புப் பட்டையும் முழுக் கறுப்பாக விழுந்து மையைக் குடிக்கிறது.

---

அச்சகம்_ராவுத்தர்

தருணின் கணக்கையே விடைக்கும் போட்டுப் பாருங்கள், காரணம் புரியும். முழுச் சிவப்பில் 30 சதவீதம் வெளிச்சம். பச்சை எழுத்துக்கு வழக்கமாக வைக்கிற அந்த அடர்பச்சை, திரையில் பாதி அளவு பச்சை. 59-இல் பாதி, அதுவும் 30-தான். கண்ணுக்கு எதிரெதிர் நிறமாகத் தெரிவது சாம்பலில் ஒரே நிறம். `-level` எண்ணை எப்படி மாற்றினாலும் இரண்டும் சேர்ந்துதான் நகரும். முதல் தடவை உங்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போனதும் இதனால்தான்.

இதற்கு, நிறங்களைக் கூட்டுவதற்கு முன்பே ஒன்றை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும். சிவப்புச் சானலை மட்டும் எடுத்தால் சிவப்பு எழுத்து வெள்ளையாகி மறையும். பச்சை எழுத்தில் சிவப்பு துளியும் இல்லாததால் அது கறுப்பாக நிற்கும்.

---

சேலம்_தருண்

அருமை அண்ணா. மேலே கொடுத்த கட்டளையில் `-grayscale Rec601Luma` என்பதை எடுத்துவிட்டு இதை அங்கே போட்டால் போதும்:

```
-colorspace sRGB -channel R -separate +channel
```

மஞ்சள் கட்டமும் இதில் வெள்ளையாகிவிடும், சாம்பல் விளக்கம் அப்படியே 50-இல் இருந்து கறுப்பாகும்.

---

வேலூர்_சுகன்யா

ஆனால் தவறான விடைகள் மறைந்துவிட்டால் கேள்வியைத் திரும்பப் பயிற்சி செய்ய முடியாதே. நாலு விடையும் தெரிய வேண்டும், சரியானது மட்டும் தனியாகத் தெரிய வேண்டும்.

---

அச்சகம்_ராவுத்தர்

அதுவும் முடியும். `-grayscale Rec601Luma`, `-level 50%,80%` இரண்டுக்கும் பதில் விடைப் பக்கங்களுக்குச் சிவப்பையும் பச்சையையும் பாதிப் பாதி கலந்து எடுக்க வேண்டும். சிவப்பு எழுத்து நடுச் சாம்பலாகவும் பச்சை எழுத்து அதைவிட நன்றாகக் கறுத்தும் வரும். ஜிம்ப் மென்பொருளில் `Colors` > `Components` > `Mono Mixer` என்று போனால் மூன்று நிறத்துக்கும் தனித்தனி இழுபட்டை இருக்கிறது. சிவப்பு 0.5, பச்சை 0.5, நீலம் 0 என்று வைத்துக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யலாம். ஆனால் சிவப்பு விடைகள் மறுபடியும் புள்ளிச் சாம்பலாகத்தான் விழும். எழுத்து பெரிது என்றால் படிக்கலாம், `Draft` மட்டும் வேண்டாம்.

என்னைக் கேட்டால், படிப்பவருக்கு நாலு விடையும் ஒரே கறுப்பில் இருப்பதுதான் நல்லது. விடையைப் பார்க்காமல் பயிற்சி செய்யலாம். சிவப்புச் சானல் எடுத்த பக்கங்களை ஒரு தாளுக்கு நாலு பக்கமாகச் சுருக்கி, விடைத்தாளாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

---

வேலூர்_சுகன்யா

இது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா. அப்படியே செய்கிறேன்.

---

கணினிக்கிறுக்கன்

தலைப்புப் பட்டைக்கு: லிப்ரே ஆபிஸ் டிராவில் பிடிஎஃப்பைத் திறந்து பட்டையைக் கிளிக் செய்து நீக்கிவிடலாமே?

---

சேலம்_தருண்

தமிழ்க் கோப்பில் செய்து பார்த்திருக்கிறீர்களா? கோப்பில் இருக்கும் எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் வேறு எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும், வரிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். ஆங்கிலக் கோப்புக்கே பாதி நேரம்தான் ஒழுங்காக வருகிறது. பட்டையை நீக்கினால் அதன் மேல் இருந்த வெள்ளை எழுத்து வெள்ளைத் தாளில் மறைந்தும் போகும்.

பட்டை எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் இருந்தால் ImageMagick-இல் அந்தப் பகுதியை மட்டும் தலைகீழாக்கலாம். `-region 2480x200+0+0 -negate +region` என்று `-level`-க்கு முன்னால் போட வேண்டும். 2480 என்பது 300 டிபிஐயில் ஏ4 தாளின் அகலம். 200 என்ற உயரத்தைப் பட்டையின் உயரத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். பட்டைக்கு வெளியே இருக்கும் வெள்ளை ஓரம் அதற்குள் மாட்டினால் அது கறுத்துவிடும், அளவு சரியாக இருக்க வேண்டும்.

---

மதன்பிரபு

ஒரு சந்தேகம். `Black Ink Only` வைத்தே எப்போதும் எடுத்தால் கலர் பக்கம் காய்ந்து அடைத்துக்கொள்ளாதா? மாதம் ஒரு கலர்ப் பக்கமாவது எடுக்கச் சொல்லிக் கேள்விப்பட்டேன்.

---

அச்சகம்_ராவுத்தர்

காயும், நீங்கள் கேட்டது நியாயம். எத்தனை நாளில் என்பது பிரிண்டரையும் வெயிலையும் பொறுத்தது. ஹெட் கிளீனிங் கொடுத்தாலும் கலர் மை செலவாகும் என்பதால், இடையிடையே ஒரு சின்னக் கலர்ப் படம் எடுப்பது மேல் என்று நான் நினைக்கிறேன்.

---

கணினிக்கிறுக்கன்

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கார்ட்ரிட்ஜிலேயே ஹெட் இருக்கிற மாடலில் அடைத்தால் கார்ட்ரிட்ஜை மாற்றிவிட்டுப் போகலாம். அதற்காகத் தாளும் மையும் ஏன் செலவு செய்ய வேண்டும்?

---

வேலூர்_சுகன்யா

பட்டை வேலையும் முடிந்தது. என் கோப்பில் உயரம் 170 வைத்ததும் சரியாக வந்தது, நன்றி தருண். கடைசியாக ஒன்று: மண் வகைகள் வரைபடத்தில் வெளிர் பச்சை, வெளிர் ஆரஞ்சு, வெளிர் நீலம் என்று மூன்று பகுதிகள். எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

---

அச்சகம்_ராவுத்தர்

அந்த மூன்றும் பெரும்பாலும் 80-க்குச் சற்று மேலே ஒன்றாக இருக்கும், அதனால் மூன்றும் மறைந்தன. அந்தப் பக்கத்துக்கு `-level`-ஐ எடுத்துவிட்டாலும் மூன்றும் ஒரே சாம்பலாகத்தான் வரும். சிவப்புச் சானல் எடுத்தால் ஆரஞ்சு மட்டும் பிரியும், பச்சையும் நீலமும் ஒட்டியே நிற்கும். நானாக இருந்தால் வெள்ளையாகவே விட்டுவிடுவேன். எல்லைக் கோடுகள் கறுப்பில் நிற்கின்றன அல்லவா? திரையில் கலர்ப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ‘வண்டல்’, ‘கரிசல்’, ‘செம்மண்’ என்று பேனாவில் எழுதுங்கள். குறிப்புப் பெட்டியின் நிறங்கள் தாளில் தெரியாது என்பதால் அதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

---

வேலூர்_சுகன்யா

எல்லைக் கோடு இருக்கிறது அண்ணா. இரண்டு இடத்தில் மட்டும் கோடு இல்லாமல் நிறம் நேராக மாறுகிறது, அங்கே எது எதுவரை என்று தெரியவில்லை.

---

சேலம்_தருண்

அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து, `-level`-க்குப் பதில் `-edge 1 -negate` போட்டுப் பாருங்கள். நிறம் மாறும் இடத்தில் கோடு வர வேண்டும். மூன்றும் சாம்பலில் ஒன்றாக இருப்பதால் `-grayscale`-ஐ `-negate`-க்குப் பின்னால் வையுங்கள், முன்னால் வைத்தால் பிடிக்க ஒரு விளிம்பும் இருக்காது. வெளிர் நிறங்கள் என்பதால் கோடு எவ்வளவு அழுத்தமாக வரும் என்று எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.